தெரியுதா என்று கேட்ட வருடம்

என் அம்மாவின் தலையில், நெற்றி முடிந்து முடி தொடங்கும் இடத்துக்கு மூன்று விரல் மேலே, ஒரு பள்ளம் ஓடுகிறது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு உட்கார்ந்த இடம் அது. அங்கே முடி கொஞ்சம்தான் இருக்கும். சின்ன வயதில் அவள் மடியில் ஏறி நின்று அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஓட்டுவேன். கூசுது, எடு புள்ள என்பாள். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், நாற்பது தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் கூடவோ குறையவோ அது இருந்தது. அதை அழகு என்றோ அசிங்கம் என்றோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

அதை அவள் மறைத்து வைக்கும் ஒன்றாக ஆக்கியவள் நான். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, கேலி பண்ணவில்லை. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவ்வளவுதான். லயத்தில் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியவள் செய்த வேலை இது. என் அம்மா தன் தலையோடு நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதியை நான் எப்படிப் பிடுங்கினேன் என்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு நாட்டில் எல்லாம் நின்றுபோனது. பஸ் இல்லை, எண்ணெய் இல்லை, வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் இல்லை. வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று அம்மாவோடு நானும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தேன். எட்டு மாதம் கொழுந்து பறித்தேன். என் தலையிலும் கயிறு ஏறியது. முதல் வாரம் கழுத்து திரும்பவில்லை. அம்மா தன் பழைய சீலைத் துண்டை நான்காக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த இடத்தை நான் நினைத்ததுகூட இல்லை.

பிறகு பதுளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து காலை பஸ் பிடித்தால் கடை திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். கடையில் எட்டுத் தூண்கள். ஒவ்வொன்றின் நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. அது போதாதென்று உடுப்புப் போட்டுப் பார்க்கிற ஃபிட்டோன் அறை மூன்று, அவற்றிலும் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதுவரை என் வாழ்க்கையில் இருந்தது ஒரே கண்ணாடி. லயத்தில் எங்கள் அறையான காம்பராவின் ஜன்னல் பக்கத்து ஆணியில் தொங்கும், ஒரு கன்னத்தைப் பார்த்தால் மறு கன்னம் தெரியாத அளவு. எனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதையே அந்தக் கடையில்தான் பார்த்தேன்.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு பெண் சாரி பார்க்க வந்திருந்தார். நான் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலேயிருந்து என்னைப் பார்த்து, “நீங்க தோட்டத்துப் பிள்ளையா?” என்றார். ஆமாங்க என்றேன். அவர் நல்ல மாதிரிதான் கேட்டார். பில் போடும்போது சிரித்துவிட்டும் போனார். என் பேச்சில் தெரிந்திருக்கலாம், செருப்பில் தெரிந்திருக்கலாம், சும்மா பேச்சுக் கொடுக்கவும் கேட்டிருக்கலாம். ஆனால் நான் அந்த நேரம் தலையைக் குனிந்திருந்தேன். அவர் என் உச்சியைப் பார்த்துத்தான் கேட்டார் என்று எனக்குள் ஒன்று முடிவு கட்டிவிட்டது. எட்டு மாதக் கயிறு என் தலையில் தடம் போட்டிருக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது, எனக்கு மட்டும்தான் இவ்வளவு நாள் தெரியவில்லை என்று நினைத்தேன்.

அவர் படி இறங்கியதும் தூண் கண்ணாடிக்குப் போனேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டப் போனேன். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குப் போய், தலையைத் தாழ்த்தி, கண்ணை மேலே செருகிப் பார்த்தபோது, வகிட்டின் இரண்டு பக்கமும் ஒரு நிழல் இருந்த மாதிரி இருந்தது.

அந்த ‘மாதிரி’தான் என்னைப் பிடித்துக்கொண்டது. இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இல்லை என்று தெரிந்திருந்தால் மறந்திருப்பேன். உறுதியாகத் தெரிந்துகொள்ள இன்னொரு முறை பார்த்தேன். அதற்கு அடுத்த முறை பார்த்தது, முந்தைய முறை சரியாகப் பார்த்தேனா என்று பார்க்க.

ஒரு மாதத்துக்குள் எனக்கு ஒரு சுற்று உண்டாகிவிட்டது. காலையில் ஜன்னல் கண்ணாடி. பஸ்ஸில் இருட்டான வளைவுகள் வரும்போது பக்கத்துக் கண்ணாடி. கடைக்குள் நுழைந்ததும் முதல் தூண், சாரிப் பக்கம் போகும்போது மூன்றாவது தூண், சாப்பிடப் போகும்போது கடைசித் தூண். இடையில் கைபேசி. முகம் இல்லாமல் உச்சியை மட்டும் எடுத்த படங்கள் அதில் குவிந்தன. வெளிச்சம் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, முடியை ஈரமாக்கி ஒன்று. நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் விரலால் பெரிதாக்கி ஒப்பிடுவேன். கண்ணாடி இல்லாத இடத்தில் விரல் இருந்தது. சாரி மடித்துக்கொண்டே ஒரு கை தானாக மேலே போகும். நகத்தை மண்டையில் அழுத்தி இடதிலிருந்து வலது, வலதிலிருந்து இடது. எலும்பு எங்கே தாழ்கிறது என்று தேடும். மனிதத் தலை தேங்காய் மாதிரி வழவழப்பாக இருக்காது, யார் தடவினாலும் ஒரு மேடு பள்ளம் தட்டுப்படும் என்பதெல்லாம் அப்போது என் மூளையில் ஏறவில்லை.

ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு பதில் சொன்னது. மூடுபனி இருந்த காலைகளில் ஜன்னல் வெளிச்சம் மென்மையாக விழும், தடம் இல்லை. கடையில் குழல் விளக்கு நேர் மேலே எரியும், எல்லோர் நெற்றியிலும் நிழல் விழும், தடம் இருக்கும். கைபேசியைக் கிட்டப் பிடித்தால் தலையே கோணலாகும். இந்தப் பதில்களில் எது உண்மை என்று எடுப்பதில் மட்டும் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. எது மோசமோ அதுதான் உண்மை. நல்லபடியாகத் தெரிந்த இடங்களில் கண்ணாடி பொய் சொல்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

அழுத்தி அழுத்தித் தேடியதில் அந்த இடம் சிவந்தது. சில நாள் லேசாக வீங்கியது. அடுத்த முறை கண்ணாடியில் பார்க்கும்போது அங்கே சிவப்பாக ஒரு கோடு இருந்தது. இதோ, கண்டுபிடித்துவிட்டேன் என்று இருந்தது. என் விரல் போட்ட கோட்டைக் கயிறு போட்டது என்று நினைத்து மறுபடி விரலை வைத்தேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. அன்று அது ஆராய்ச்சி மாதிரி இருந்தது.

கடைக்கு வரும் பெண்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. முடி தொடங்கும் கோட்டைப் பார்ப்பேன். அதிலும் அடர்த்தியாக, கருகருவென்று முடி உள்ளவர்களைத்தான் கண் பொறுக்கும். என்னைப் போல் இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அப்படிப் பொறுக்கிய தலைகளோடு என் தலையை வைத்துப் பார்த்தால் தோற்காமல் என்ன செய்யும். முன்முடியை வெட்டி நெற்றியில் விழவிட்டேன். அது காற்றில் விலகியதா என்று பார்ப்பது புதிய வேலையாகச் சேர்ந்துகொண்டது. சில நாள் வெறுத்துப்போய் ஒரு கண்ணாடியும் பார்க்கமாட்டேன் என்று சபதம் எடுப்பேன். தூண்களுக்குப் பக்கவாட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். அந்த நாட்களில் மனசுக்குள் இருக்கும் படம் இன்னும் பெரிதாக வளரும். மறுநாள் இரண்டு மடங்கு பார்ப்பேன்.

இதெல்லாம் என்னோடு இருந்திருந்தால் சரி. ஆனால் கண்ணாடி சொல்வது நம்பிக்கையாக இல்லாதபோது எனக்கு இன்னொரு கண் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த கண் அம்மாவுடையது.

முதல் நாள் சாதாரணமாகத்தான் கேட்டேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் குனிந்து காட்டி, “அம்மா, கயித்துத் தடம் தெரியுதா?” என்றேன். இல்ல புள்ள என்றாள். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா சோறு வடிக்கும் நேரம்வரை தாங்கியது. அதற்குப் பிறகு, அவள் சரியாகப் பார்த்தாளா, கீரையில் கவனமாக இருந்தாளே என்று தோன்றியது. மறுபடி கேட்டேன். வெளிச்சத்துக்கு வந்து பாரு என்றேன். விரலால் தடவிப் பாரு என்றேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை, பிறகு காலையும் சாயங்காலமும், பிறகு அவள் கூடையை இறக்கி வைக்கும் முன்பே. அவள் சலித்துக்கொண்டதே கிடையாது. இல்ல, இல்ல, சத்தியமா இல்ல என்பாள்.

இல்லை என்பது போதாமல் போன நாளில் நான் ஒன்று செய்தேன். அம்மாவை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார வைத்துக் கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். அவள் தலைப் பள்ளத்தில் என் விரலை வைத்தேன். பிறகு அதே விரலை என் தலையில் வைத்தேன். அவளுடையது எவ்வளவு ஆழம், என்னுடையது எவ்வளவு, அவளுடையது எங்கே தொடங்குகிறது, என்னுடையது எங்கே. அளவு பார்த்தேன். அவளுடையதைப் போல் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வந்தது, அதை வாய்விட்டும் சொன்னேன். “ஒன்னய மாதிரி இல்லம்மா,” என்றேன். அவள் சிரித்தாள். கொண்டையை முடிந்துகொண்டு அடுப்புப் பக்கம் போனாள்.

அதை அன்றோடு விட்டேனா, இல்லை. பல மாதம் செய்தேன். என் அம்மா தினமும் வேலை முடிந்து வந்து, மழைக்குக் கட்டும் ஈரப் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். எது வரக் கூடாது என்று நான் நடுங்கினேனோ அதற்கு அவள் தலைதான் உதாரணம். ஒரு தடவைகூட அது அவள் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம் வந்ததும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். குளிராக்கும் என்று நினைத்தேன். பீலித் தண்ணீரில் மற்றப் பெண்களோடு சேர்ந்து குளிப்பவள், அவர்கள் எல்லாம் போன பிறகு தனியாகப் போனாள். வேலை அதிகமாக்கும் என்று நினைத்தேன். பக்கத்து லயத்தில் ஒரு சடங்கு வீடு, படம் எடுக்கக் கூப்பிட்டார்கள், அடுப்பில் என்னவோ வைத்திருக்கிறேன் என்று வந்துவிட்டாள். எனக்கு என் தலையைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்க்க நேரம் இல்லை.

அந்தச் சமயம்தான் எனக்கு ஒரு வைத்தியம் தோன்றியது. தடம் விழுந்த இடத்தைச் சுற்றி ஈரத் துணியை இறுக்கிக் கட்டினால் மேடும் பள்ளமும் சமமாகிவிடும் என்று. யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்தப் புத்தி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கக் கட்டிக்கொண்டு கிடந்தேன். அவிழ்த்துப் பார்த்தபோது நெற்றிக்கு மேலே துணி அழுந்திய கோடு சுத்தமாக, ஆழமாக விழுந்திருந்தது. பயத்தில் அதைச் சமப்படுத்த மறுநாள் காலை இன்னும் இறுக்கிக் கட்டினேன். தலைவலியோடு பஸ்ஸைத் தவறவிட்டேன். கடைக்குப் போய் நேராக ஃபிட்டோன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. அங்கே நின்று பார்க்கப் பார்க்க என் முகம் என் முகமாக இல்லாமல் போனது. நெற்றி தனியாக, முடி தனியாக, இடையில் அந்தக் கோடு மட்டும் ஒரு உயிர் உள்ளது போல். வெளியே உடுப்போடு ஆட்கள் காத்திருந்து, முதலாளியிடம் சொல்லி, அவர் எங்கள் பிரிவைப் பார்க்கும் அக்காவை அனுப்பியிருக்கிறார். அந்த அக்கா பதுளையிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். கதவைத் தட்டி, திறந்ததும் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டார்.

“இன்னக்கி எத்தன தரம் கண்ணாடிக்கிட்ட போனீங்கன்னு ஒங்களுக்கே தெரியுமா? நான் ஒங்கள மூணு மாசமா பாக்குறேன்.”

அவர்தான் லீவு கேட்டுக் கொடுத்து, ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா சிங்களவர். தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார். என் தலையை ஒரு நிமிடம் பார்ப்பார், இருக்கிறது இல்லை என்று சொல்வார் என்று நான் ஆவலாகப் போனேன். அவர் பார்க்கவே இல்லை. நான் சொன்னாலும் நீங்கள் சாயங்காலம் வரைதான் நம்புவீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது உண்மை.

அவர் என் உள்ளங்கையை என் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடிக்கச் சொன்னார். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு இடத்தை மட்டும் விடாமல் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்தத் தோல் அருவருப்பாக, வேறு யாருடையதோ போல் ஆனது. கையில் நோயா என்று கேட்டார். இல்லை என்றேன். எதையும் இப்படிப் பார்த்தால் இப்படித்தான் ஆகும், நீங்கள் உங்கள் தலையை ஒரு வருடமாக இப்படிப் பார்க்கிறீர்கள் என்றார். பிறகு ஒரு வேலை தந்தார். ஒரு நாள் வழக்கம்போல் எத்தனை முறை வேண்டுமோ அத்தனை முறை பார்க்கலாம். மறுநாள் தலை சீவ இரண்டு முறை மட்டும், கையெட்டும் தூரத்தில் நின்று, முழு ஆளையும் பார்க்க வேண்டும். தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, கேட்கக் கூடாது. இரண்டு நாளும் சாயங்காலம் மனசு எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பத்துக்கு எத்தனை போட்டு எழுத வேண்டும். இதையே மாற்றி மாற்றி இரண்டு வாரம்.

நிறையப் பார்த்த நாட்களில்தான் எண் பெரிதாக இருந்தது. குறையப் பார்த்த நாட்களில் காலையில் நெஞ்சு படபடத்தது, விரல் துடித்தது, பத்து மணி அளவில் தாங்கமுடியாமல் போனது, பிறகு நான் ஒன்றும் செய்யாமலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. சாயங்காலம் அதைப் பற்றி நினைக்காத ஒரு முழு மணி நேரம்கூட இருந்தது. பார்ப்பதால் கவலை குறைகிறது என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதுதான் அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. என் கையெழுத்திலேயே அது தாளில் இருந்தது.

மூன்றாவது முறை அம்மாவையும் வரச் சொன்னார்கள். மகள் கேட்டால் ஆம் இல்லை எதுவும் சொல்லாதீர்கள் என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னார். சும்மா வாயை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள், உனக்குக் கஷ்டமாக இருப்பது தெரிகிறது, ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் உனக்குத்தான் கூடும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். அம்மா கவனமாகக் கேட்டாள், இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். புழுக்கமான அறை. அந்த முழு நேரமும் முந்தானை அவள் தலையில் இருந்தது. எதிரே தலையைப் பற்றிய வியாதியோடு மகள் உட்கார்ந்திருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை.

அம்மா சொன்ன சொல் தவறவில்லை. நான் கெஞ்சினேன், கத்தினேன், ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒனக்குக் கஷ்டமா இருக்குறது தெரியுது புள்ள என்று தொடங்கி முழுவதையும் சொன்னாள். இரண்டு மாதத்தில் என் கேள்வி வறண்டுபோனது. படங்களை அழித்தேன். தூண்களுக்குப் பக்கத்தில் சாதாரணமாக நடந்தேன். இப்போதும் சில நாள் விரல் மேலே போகும், பாதியில் நிற்கும். நான் தேறினேன்.

தேறிய பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது. ஒரு நாள் காலையில் தலை சீவ ஜன்னல் பக்கம் போனபோது கண்ணாடியில் என் கழுத்துதான் தெரிந்தது. ஆணி மாறியிருந்தது. ஒரு சாண் கீழே அடித்திருந்தார்கள். அம்மா என்னைவிட ஒரு சாண் குள்ளம். என் பையில் இருந்த மடக்குக் கண்ணாடியையும் கொஞ்ச நாளாகக் காணவில்லை. கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவள் வேலைக்காட்டில் என்ன செய்கிறாள் என்பது எனக்கு அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சின்னம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் கயிற்றை வேறு வேறு இடத்தில் வைக்கிறாளாம். ஒரு நாள் முன்நெற்றியில், ஒரு நாள் பிடரிப் பக்கம், ஒரு நாள் ஒரு காதோரம் தள்ளி. பழைய இடத்தில் மட்டும் வைப்பதில்லை. பள்ளம் இனி ஆழமாகக் கூடாது என்று. முப்பது வருடம் ஒரே இடத்தில் இருந்து பழகிய பாரம் அது. கயிறு இடம் மாறினால் கூடை முதுகில் நிற்காது, ஆடும். செங்குத்தான மலையில் ஒரு காலை மடக்கிப் பறிக்கிறவளுக்குக் கூடை ஆடக் கூடாது. மழை பெய்த ஒரு நாள், கூடை பக்கவாட்டில் இழுக்க, அம்மா மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள்.

முழங்கால் விலகியது. கட்டுப் போட்டு ஒன்றரை மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, ஜன்னலோரம், அவளும் கண்ணாடியும். எனக்குத் தெரியும் அது எப்படிப் போகும் என்று. டவுனில் சாரி மடித்துக்கொண்டே, இப்போது முதல் முறை, இப்போது மூன்றாவது முறை என்று என்னால் சொல்ல முடிந்தது. கிளினிக்குக்குப் போவோம் என்று பலமுறை கூப்பிட்டேன். அங்கே தலையைத் திறந்து பார்ப்பார்கள் என்றாள். பார்க்கமாட்டார்கள், என்னுடையதைப் பார்த்தார்களா என்றேன். ஒனக்கு ஒண்ணும் இல்ல, அதனால பாக்கல என்றாள்.

போன மாதம் ஒரு நாள் கடையில் அரை நாள் லீவு. மத்தியான பஸ்ஸில் வந்தேன். காம்பரா கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். கொண்டை அவிழ்ந்திருந்தது. ஆணிக் கண்ணாடிக்கு எதிரே என் மடக்குக் கண்ணாடியை உச்சிக்கு மேலே பிடித்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறு கை விரல் பள்ளத்தில் இருந்தது. நகத்தை அழுத்தி இடதிலிருந்து வலது, வலதிலிருந்து இடது. அந்த இடம் முழுக்கச் சிவந்து, ஒரு பக்கம் பொருக்குத் தட்டியிருந்தது. என்னைக் கண்டும் அவள் மறைக்கவில்லை. தலையை என் பக்கம் குனிந்தாள்.

“தெரியுதா புள்ள?”

டாக்டரம்மா சொல்லித் தந்த வாசகம் இருந்தது. அம்மா எனக்கு எத்தனையோ முறை சொன்ன அதே வாசகம். அதைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் என்னுடைய தலையில் ஒன்றும் இல்லை, அவளுடைய தலையில் இருக்கிறது. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால், அது தப்பே இல்லை என்று அதற்குப் பிறகு எத்தனை சொன்னாலும் ஆமாம் மட்டும்தான் நிற்கும். அது பார்க்க வேண்டிய ஒன்றே இல்லை என்பதை எப்படிச் சொல்வது, அதைப் பல மாதம் உட்கார வைத்துப் பார்த்தவள் நான். பதில் சொல்லக் கூடாது என்பது மட்டும் நினைவில் இருந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் குனிந்தபடியே காத்திருந்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை.

“நீ கேட்டப்பல்லாம் நான் ஒடனே இல்லன்னு சொன்னேன்,” என்றாள்.

அம்மா, அப்படியில்ல என்று கிட்டப் போனேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், அழுதேன், அவள் கையைப் பிடித்தேன். அவள் கையைக் கொடுத்தாள். சரி புள்ள, எனக்கு வெளங்குது என்றாள். எனக்குத்தான் தெரியுமே, அவளுக்கு என்ன விளங்கியிருக்கும் என்று. உலை வைக்க நான் அடுப்புப் பக்கம் திரும்பியதும், பின்னால் அவள் மடக்குக் கண்ணாடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.